நடுவரிசைக்கு ஏன் குளிர்ச்சி வருவதில்லை?

40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரமுள்ள ஒரு கல்யாண மண்டபம். ஏசி ஓடியும் நடுவரிசை வியர்க்கிறது. காரணத்தைக் கணினியில் தேடலாம்.

மண்டபத்தின் உள்வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகத்தையும் வெப்பத்தையும் கணக்கிடுவார்கள். 25 சென்டிமீட்டர் கட்டம் என்றால் சுமார் 4 லட்சம் கட்டங்கள். போதும் போலத் தோன்றும், போதாது. குளிர்காற்றை வீசும் குழாய்வாயே 30 சென்டிமீட்டர்தான். அது ஏறக்குறைய ஒரே கட்டத்தில் அடங்கிவிட்டால், கணக்கில் அந்த வீச்சு உண்மையைவிடச் சீக்கிரம் பரந்து வலுவிழக்கும். வாயருகே மட்டுமாவது 2, 3 சென்டிமீட்டர் கட்டம் வேண்டும். கட்டங்களை இன்னும் பொடியாக்கியும் விடை மாறாதிருக்க வேண்டும்.

வாயில் காற்றின் வேகம், சுவரின் வெப்பம் போன்ற எல்லை நிபந்தனைகளை நாம்தான் தர வேண்டும். பலரும் சறுக்குவது ஆட்களை மறப்பதில். உட்கார்ந்திருப்பவர் ஒருவர் காற்றைச் சூடாக்குவது சுமார் 70 வாட். 500 பேருக்கு 35 கிலோவாட். மேலெழும் அந்த வெப்பம் குளிர்காற்றின் பாதையையே மாற்றிவிடும். காலி மண்டபத்துக்குப் போட்ட கணக்கு முகூர்த்த நேரத்துக்கு உதவாது.

கடைசியில், உட்கார்ந்தவரின் தலைமட்டத்தில் பல இடங்களில் வேகத்தையும் வெப்பத்தையும் அளந்து ஒப்பிட வேண்டும். வண்ணப்படத்தை நீட்டுபவரிடம், எங்கே அளந்து சரிபார்த்தீர்கள் என்று கேளுங்கள்.