வரிசைகள் ஒத்துப்போகின்றனவா?

2025ஆம் ஆண்டுக் காலண்டரைப் புரட்டினால் ஒரு சின்ன விஷயம் கண்ணில் படும். பிப்ரவரி, மார்ச், நவம்பர் மூன்றுக்கும் முதல் தேதி சனிக்கிழமை. ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் முதல் தேதி செவ்வாய்க்கிழமை. இந்த ஐந்து மாதங்களையும் ஒரு கணமாக எடுத்துக்கொண்டு, ‘முதல் தேதிக்கு ஒரே கிழமை’ என்ற உறவை அவற்றுக்கிடையே வைத்தால், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மேல்நிலை மாணவர்கள் படிக்கும் சமானத் தொடர்புக்கு நல்ல உதாரணம் கிடைத்துவிடும்.

கேள்வித்தாளிலோ கரும்பலகையிலோ இந்தக் கணக்கு பெரும்பாலும் அட்டவணையாக வரும். இப்போதெல்லாம் அந்த அட்டவணையை யாராவது செல்போனில் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். ‘இது சமானத் தொடர்பா?’ என்று கீழே ஒரு வரி. இடப்பக்கத் தலைப்பில் உள்ள மாதம், மேலே உள்ள மாதத்தோடு உறவுடையது என்றால் கட்டத்தில் 1, இல்லையென்றால் 0.

```
        பிப்  மார்  ஏப்  ஜூலை  நவ
பிப்      1    1    0    0    1
மார்      1    1    0    0    1
ஏப்       0    0    1    1    0
ஜூலை     0    0    1    1    0
நவ       1    1    0    0    1
```

சோதிக்க வேண்டியவை மூன்று. ஒவ்வொரு உறுப்பும் தன்னோடு தானே உறவுடையதா என்பது தற்சுட்டு. ஒன்று இன்னொன்றோடு உறவுடையது என்றால் மற்றதும் இதனோடு அப்படியே இருக்கிறதா என்பது சமச்சீர். முதலாவது இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும் உறவுடையவை என்றால், முதலாவது மூன்றாவதோடு உறவுடையதா என்பது கடப்பு.

முதல் இரண்டையும் கண்ணாலேயே முடித்துவிடலாம். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைவரை இறங்கும் மூலைவிட்டத்தில் ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. ஐந்திலும் 1 இருந்தால் தற்சுட்டு உண்டு. ஒன்றில் 0 இருந்தாலும் இல்லை. சமச்சீருக்கு அதே மூலைவிட்டத்தில் தாளை மடிப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். மேல் பாதியில் உள்ள 1 எல்லாம் கீழ்ப் பாதியில் உள்ள 1 மேல் சரியாக விழவேண்டும். மேலே உள்ள அட்டவணை இரண்டிலும் தேறிவிடுகிறது.

மாணவர்கள் திணறுவது மூன்றாவதில்தான். கடப்பு அட்டவணையில் ஒரு கோடாகவோ வடிவமாகவோ தெரியாது. மும்மூன்றாக எடுத்துச் சோதிப்பதென்றால் ஐந்து உறுப்புக்கு 5 × 5 × 5, அதாவது 125 வகை. அவ்வளவையும் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. நாலைந்தைச் சரிபார்த்துவிட்டு ‘கடப்பும் உண்டு’ என்று எழுதிவிடுவதுதான் விடைத்தாள்களின் வழக்கம்.

முதல் இரண்டு சோதனைகளில் தேறிய அட்டவணைக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. உறவுடைய இரண்டு உறுப்புகளை எடுத்து, அவற்றின் நிரைகளை, அதாவது கிடைவரிசைகளை, ஒப்பிட்டால் போதும். இரண்டு நிரைகளும் அச்சுப்பிசகாமல் ஒன்றாக இருக்கவேண்டும். பிப்ரவரியும் நவம்பரும் உறவுடையவை. பிப்ரவரி நிரை 1 1 0 0 1, நவம்பர் நிரையும் அதேதான். ஏப்ரலும் ஜூலையும் உறவுடையவை. இரண்டுக்கும் 0 0 1 1 0. மார்ச்சின் நிரை பிப்ரவரியுடையதே. வேலை முடிந்தது, கடப்பு உண்டு.

இது ஏன் சரி? நவம்பர் எதனோடெல்லாம் உறவுடையதோ, அதனோடெல்லாம் பிப்ரவரியும் உறவுடையதாக இருக்கவேண்டும் என்பதுதான் கடப்பின் நிபந்தனை. சமச்சீர் இருப்பதால் இதைத் திருப்பியும் சொல்லலாம். ஆகவே இரண்டு நிரைகளிலும் 1 ஒரே இடங்களில்தான் விழமுடியும். மறுபக்கமும் எளிது. உறவுடைய இரண்டின் நிரைகள் எப்போதும் ஒன்றே என்றால், இரண்டாவதன் நிரையில் மூன்றாவதற்கு 1 இருக்கும்போது முதலாவதன் நிரையிலும் அதே இடத்தில் 1 இருந்தாகவேண்டும். 125 வகைச் சோதனை சில பார்வைகளில் அடங்கிவிடுகிறது. பாடநூல்கள் இதை ஏன் முதல் பக்கத்திலேயே சொல்வதில்லை என்பது புரியவில்லை.

இப்போது உறவைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கலாம். ‘முதல் தேதிக்கு ஒரே கிழமை, அல்லது அடுத்தடுத்த கிழமை’ என்று வைத்துக்கொள்வோம். அதே 2025இல் ஜனவரிக்கு முதல் தேதி புதன், ஏப்ரலுக்குச் செவ்வாய், மே மாதத்துக்கு வியாழன், ஜூலைக்குச் செவ்வாய், செப்டம்பருக்குத் திங்கள்.

```
         ஜன   ஏப்   மே   ஜூலை  செப்
ஜன       1    1    1    1    0
ஏப்       1    1    0    1    1
மே       1    0    1    0    0
ஜூலை     1    1    0    1    1
செப்      0    1    0    1    1
```

மூலைவிட்டம் முழுக்க 1. மடித்தாலும் பொருந்துகிறது. அவசரப்படுபவர் இங்கேயே ‘சமானத் தொடர்பு’ என்று எழுதிவிடுவார். ஆனால் ஜனவரியும் ஏப்ரலும் உறவுடையவை என்று அட்டவணை சொல்கிறது; நிரைகளோ 1 1 1 1 0, 1 1 0 1 1 என்று விலகிநிற்கின்றன. கடப்பு இல்லை. எங்கே உடைகிறது என்பதை நிரைகளே காட்டிக்கொடுக்கின்றன: ஏப்ரல் செப்டம்பரோடு உறவுடையது, ஜனவரி அப்படி இல்லை. செவ்வாய்க்கு ஒருபக்கம் திங்கள், மறுபக்கம் புதன். திங்களும் புதனும் அடுத்தடுத்த கிழமைகள் அல்ல. விடைத்தாளில் இந்த ஒரு உதாரணத்தை எழுதினாலே கடப்பு இல்லை என்று நிரூபித்தாயிற்று. ‘ஏறக்குறைய ஒன்று’ என்கிற எல்லா உறவுகளும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்கும்.

இதற்கு நேரெதிரான ஒரு பொறி உண்டு. முதலில் பார்த்த ஐந்து மாதங்களுக்கே ‘இரண்டுக்கும் முதல் தேதி சனிக்கிழமை’ என்று உறவை மாற்றினால், பிப்ரவரி, மார்ச், நவம்பர் மூன்றுக்குள் மட்டும் ஒன்பது 1 இருக்கும். ஏப்ரல், ஜூலை நிரைகள் முழுக்க 0. இது சமச்சீர்தான், கடப்பும் உண்டு. உடைப்பதற்கு அந்தக் காலி நிரைகளில் எதுவுமே இல்லையே. ஆனால் ஏப்ரல் தன்னோடு தானே உறவுடையதாக இல்லை. ‘மற்ற இரண்டும் இருந்தால் தற்சுட்டு தானாக வந்துவிடும்’ என்று சிலர் வாதிடுவார்கள். ஒரு உறுப்புக்கு ஏதாவது ஒரு துணையாவது இருந்தால் அந்த வாதம் செல்லும். துணையே இல்லாத உறுப்பு இருந்தால் செல்லாது.

இனி போட்டோவின் தொல்லைகள். படம் 90 பாகை திரும்பி வந்தால் உண்மையான மூலைவிட்டம் எதிர்ப்பக்கம் போய்விடும். முதல் அட்டவணையை அப்படித் திருப்பிவைத்து, தலைப்புகளைக் கவனிக்காமல் இடது மேல் மூலையிலிருந்து வாசித்தால் 1 0 1 0 1 என்று கிடைக்கும். நல்ல சமானத் தொடர்பு, தற்சுட்டுகூட இல்லாததாகத் தோன்றும். செல்ஃபி கேமராவில் எடுத்து இடம் வலமாக மாறிய படத்திலும் இதே கதிதான். தலைகீழாக, அதாவது 180 பாகை திரும்பினால் மட்டும் பாதகமில்லை. மூலைவிட்டம் அதே கோட்டில் நிற்கும். எதுவானாலும் தலைப்பு எழுத்துகளை முதலில் படித்து, மேலேயும் பக்கத்திலேயும் ஒரே வரிசையில் மாதங்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மூலைவிட்டத்தைத் தொடவேண்டும். வரிசை மாறியிருந்தால் ‘தன்னோடு தான்’ கட்டங்கள் அங்கங்கே சிதறிக்கிடக்கும்.

முதல் உறுப்பு பக்கத்தில் உள்ளதா, மேலே உள்ளதா என்ற குழப்பமும் படத்தில் அடிக்கடி வரும். இதற்காகக் கவலைப்பட வேண்டாம். உறவைத் திருப்பிப்போட்டாலும் மூன்று குணங்களில் எதுவும் மாறாது. எந்தப்பக்கம் வாசித்தாலும் விடை ஒன்றே.

உண்மையான ஆபத்து, பளிச்சிடும் வெளிச்சத்திலோ வெட்டுப்பட்ட விளிம்பிலோ ஒரு 1 காணாமல்போவது. இதைப் பிடிக்க எண்ணிக்கை உதவும். தற்சுட்டும் சமச்சீரும் உள்ள அட்டவணையில் மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ளவை ஜோடி ஜோடியாக வரும். ஆகவே ஐந்து உறுப்பு அட்டவணையில் மொத்த 1 ஒற்றைப்படையாகத்தான் இருக்கும். முதல் அட்டவணையில் 13. வலது மேல் மூலையில் உள்ள பிப்ரவரி–நவம்பர் கட்டம் வெளிறிப்போனால் 12 ஆகிவிடும், ஏதோ தவறு என்று உடனே தெரியும். இன்னும் இறுக்கமாகவும் சொல்லலாம். சமானத் தொடர்பு கணத்தைக் குழுக்களாகப் பிரிக்கிறது. மொத்த 1 என்பது குழுக்களின் அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் வருவது. மூன்றும் இரண்டுமாகப் பிரிந்தால் 9 + 4. ஐந்து உறுப்புக்கு 5, 7, 9, 11, 13, 17, 25 தவிர வேறு எண்ணிக்கை வரவே வராது.

எண்ணிக்கை தேறிவிட்டதாலேயே தொடர்பு தேறிவிடாது. மேலே தோற்ற இரண்டாவது அட்டவணையில் 17 இருக்கிறது. சனிக்கிழமை உறவில் 9 இருக்கிறது. இரண்டு எண்ணும் பட்டியலில் உள்ளவைதான். எண்ணிக்கையால் ஒரு அட்டவணையைத் தள்ளிவிட முடியும், ஏற்றுக்கொள்ள முடியாது.

காணாமல்போன கட்டத்தை எதிர்க்கட்டத்தைப் பார்த்து நிரப்புவது இன்னொரு பெரிய தவறு. சமச்சீர் இருக்கிறதா என்பதுதான் கேள்வியே. இருக்கிறது என்று நாமே வைத்துக்கொண்டு நிரப்பிவிட்டால் சோதிக்க என்ன மிச்சம்? உறவின் விதி கையில் இருந்தால், காலண்டரை எடுத்துப் பார்த்து நிரப்பலாம். வெறும் அட்டவணை மட்டும் என்றால் இன்னொரு படம் கேட்பதுதான் வழி.

ஐந்து உறுப்புகளுக்கு இப்படி எழுதக்கூடிய அட்டவணைகள் மொத்தம் 3,35,54,432. அவற்றில் சமானத் தொடர்பு 52 மட்டுமே. சோதித்துப் பழக விரும்புகிறவர்கள் 12 மாதங்களுக்கும் ‘ஒரே கிழமை’ அட்டவணையைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். 2025க்கு 144 கட்டங்களில் 24இல் 1 வரும். லீப் ஆண்டான 2024க்கும் அதே 24தான். ஆனால் 2025இல் அக்டோபரோடு சேர்ந்திருந்த ஜனவரி, 2024இல் ஏப்ரலோடும் ஜூலையோடும் சேர்ந்துகொள்ளும்.