வெள்ளிக்கிழமை மாலை 5.10 மணி

புக்கிட் மெர்தாஜாமில் வசிக்கும் ஒருவர், தம் மகளின் கல்லூரி முன்பணமான 500 ரிங்கிட்டை வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். வேலை முடிந்து மாலை 5.10 மணிக்குக் கைப்பேசியை எடுக்கிறார். கல்லூரியின் கணக்கு வேறொரு வங்கியில் உள்ளது. அவர் ‘இண்டர்பேங்க் ஜைரோ’ என்னும் வழியைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார். அவருடைய கணக்கில் பணம் குறைகிறது, ரசீதும் வருகிறது. ஆனால், கல்லூரியின் கணக்கில் அத்தொகை திங்கட்கிழமைதான் சேரும். திங்கட்கிழமை பொது விடுமுறை என்றால் செவ்வாய்க்கிழமை ஆகிவிடும்.

ஏன் இப்படி? ஜைரோ முறையில் பணம் ஒவ்வொன்றாகப் போவதில்லை. பேருந்து நிலையத்தில் பயணிகள் சேர்ந்ததும் பேருந்து புறப்படுவதைப் போல, வங்கிகள் தங்களிடம் வந்த கட்டளைகளைத் தொகுதியாகச் சேர்த்து அனுப்புகின்றன. பிறகு, எந்த வங்கி எந்த வங்கிக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கணக்கிடப்படுகிறது. முதல் வங்கி இரண்டாம் வங்கிக்கு 700 ரிங்கிட்டும், இரண்டாம் வங்கி முதல் வங்கிக்கு 500 ரிங்கிட்டும் தர வேண்டியிருந்தால், 200 ரிங்கிட் மட்டுமே கைமாறினால் போதும். இக்கணக்கைத் தொடங்க ஏதாவது ஒரு நேரத்தில் கதவை மூடித்தானே ஆக வேண்டும்? அதுவே இறுதி நேரம்.

வேலை நாளில் இத்தகைய தொகுதிகள் பல உண்டு. பிற்பகல் 2.00 மணிக்குப் பிறகு மாலை 5.00 மணிக்குள் அனுப்பினால், பொதுவாக அன்றிரவு 11.00 மணிக்குள் பணம் சேரும். 5.00 மணியைத் தாண்டியது அடுத்த வேலை நாளின் காலை 11.00 மணிக்குள் சேரும். ஆகவே, அந்தத் தந்தை தவறவிட்டது பத்தே நிமிடம்; இழந்ததோ மூன்று நாள்.

வங்கிக் கிளை திறந்திருப்பதை வைத்து வேலை நாளை முடிவு செய்யக்கூடாது. அருகிலுள்ள கூலிம், கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை கிளைகள் திறந்திருக்கும். ஆயினும், ஞாயிறன்று ஜைரோ தொகுதி ஓடாது.

ரசீதிலும் ஏமாந்துவிடக்கூடும். ‘ஏற்கப்பட்டது’ என்றால், உங்கள் வங்கி கட்டளையைப் பெற்றுக்கொண்டது என்றே பொருள். பணம் போய்ச் சேர்ந்ததற்கு அது சான்றாகாது. கல்லூரி கணக்கில் கொள்வது அனுப்பிய நாளையா, வந்து சேர்ந்த நாளையா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

2018 டிசம்பரில் அறிமுகமான டூயிட்நாவ் வழியில் பணம் தனித்தனியாக, சில நொடிகளில், விடுமுறையிலும் சேர்கிறது. 5.10 மணிக்கு அதைத் தேர்ந்தெடுத்திருந்தால், முன்பணம் அன்றே சேர்ந்திருக்கும். ஆனால், தொகை அவரது அன்றாடப் பரிமாற்ற வரம்புக்குள் இருக்க வேண்டும்.