ரஷ்ய மொழியில் ‘நீ’யும் ‘நீங்களு’ம் விற்கும் பொருள்கள்

மேபலின் நிறுவனத்தின் ஆங்கில விளம்பர வரி 1991-இல் வந்தது: ‘மேபி ஷி இஸ் பார்ன் வித் இட், மேபி இட்ஸ் மேபலின்.’ இந்த அழகு அவளுக்குப் பிறவியிலேயே வாய்த்ததோ என்னவோ, ஒருவேளை மேபலின் தந்ததோ என்னவோ என்று பொருள். இதே விளம்பரம் ரஷ்யத் தொலைக்காட்சியில் வேறொன்றைச் சொன்னது: ‘வ்ஸே வ வஸ்தோர்கே அத் திப்யா, அ தி அத் மேபெல்லின்.’ எல்லாரும் உன்னைப் பார்த்துச் சொக்கிப்போகிறார்கள், நீயோ மேபலினைப் பார்த்து!

அகராதியோடு உட்கார்ந்து திருத்துபவர் இதற்குச் சுழியம்தான் போடுவார். பிறவி என்ற பேச்சு இல்லை, ‘ஒருவேளை’ இல்லை, ‘அவள்’கூட இல்லை. ஆனால் ரஷ்யாவில் ஒரு தலைமுறையே மனப்பாடமாகச் சொல்லும் விளம்பர வரிகளில் இதுவும் ஒன்று.

ஆங்கில வரியின் உயிர் ஒலியில் இருக்கிறது. ‘மேபி’ என்று இருமுறை தட்டிவிட்டு, அந்த ஒலியிலேயே தொடங்கும் பெயரில் போய் முடிகிறது. ரஷ்ய மொழியில் ‘ஒருவேளை’ என்பதற்கு ‘மோஜெத் பித்’ என்பார்கள். மேபலினுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒலி போய்விட்டால் மிஞ்சுவது சந்தேகம் மட்டும்தான். கண்மையை விற்க வந்தவரே ‘இதனாலா, வேறெதனாலா, தெரியவில்லையே’ என்று இழுத்தால் யார் வாங்குவார்கள்?

அதனால் ரஷ்ய வரியை எழுதியவர் சொற்களைக் கைவிட்டு, வரி செய்யும் வேலையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பெண்ணின் அழகைப் புகழ வேண்டும், கடைசிச் சொல்லாக நிறுவனத்தின் பெயர் விழ வேண்டும், நடுவே ஒரு துள்ளல் வேண்டும். ‘அத்’ என்ற சிறு சொல் இரு பாதிகளிலும் வருகிறது. ‘சொக்கிப்போதல்’ முதல் பாதியில் மட்டும் வந்து, இரண்டாம் பாதியில் சொல்லாமலே புரிகிறது. இதைவிடப் பெரிய மாற்றம், பேச்சு திரும்பும் திசை. ஆங்கிலத்தில் யாரோ ஒருத்தியைப் பற்றி நம்மிடம் பேசினார்கள். ரஷ்யத்தில் பார்ப்பவளிடமே நேராகப் பேசுகிறார்கள், அதுவும் ‘தி’ போட்டு.

‘தி’ என்றால் நீ, ‘வி’ என்றால் நீங்கள். ஆங்கிலத்தின் ‘யூ’ இந்த வேறுபாட்டைத் தன்னுள் மறைத்துக்கொள்கிறது. ரஷ்யத்தில் எழுத உட்கார்ந்தவரால் அதைத் தள்ளிப்போட முடியாது. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்பின் தெரியாதவரை ‘நீ’ என்றால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். நெருங்கிய தோழியை ‘நீங்கள்’ என்றால் எவ்வளவு தூரம் விழும் என்பதும் தெரியும்.

பக்கத்திலேயே இன்னொரு வரியை வைத்துப் பார்க்கலாம். 1973-இல் லோரியால் தலைச்சாயத்துக்காக, மெக்கான் விளம்பர நிறுவனத்தில் இருந்த இலோன் ஸ்பெக்ட் என்ற இளம்பெண் எழுதினார்: ‘பிகாஸ் ஐ ஆம் வொர்த் இட்.’ ஏனென்றால் நான் அதற்குத் தகுதியானவள். பின்னாளில் ஆங்கிலத்திலேயே ‘நான்’ ‘நீங்கள்’ ஆனது. ரஷ்யத்தில் அது ‘வேத் வி ஏத்தவ தஸ்தோய்னி’ என்று ஒலித்தது. இங்கே ‘வி’, அதாவது நீங்கள். முன்னால் நிற்கும் ‘வேத்’தையும் கவனியுங்கள். அது ‘ஏனென்றால்’ அன்று. ஏறத்தாழ நம் ‘தானே’. ‘நீங்கள் அதற்குத் தகுதியானவர்தானே!’ என்று, கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை மெல்ல நினைவூட்டும் குரல். ஆங்கிலத்தில் காரணம் காட்டி நிமிர்ந்து நின்ற பெண்குரல், ரஷ்யத்தில் மரியாதையோடு அருகில் வந்து சொல்லும் குரலாகிவிட்டது.

1996-இல் மேபலினை லோரியால் வாங்கிவிட்டது. ஆக, ஒரே முதலாளியின் இரண்டு பொருள்கள் ரஷ்யப் பெண்ணிடம் இரண்டு குரலில் பேசின. இளம்பெண் வாங்கும் விலை குறைந்த கண்மை ‘நீ’ என்றது. சற்று உயர்ந்த இடத்தில் வைத்து விற்கும் சாயம் ‘நீங்கள்’ என்றது. இது மொழிபெயர்ப்பாளர் தற்செயலாகப் போட்ட சொல் அன்று. யாருக்கு விற்கிறோம் என்ற முடிவே அந்த ஓரசைச் சொல்லில் இருக்கிறது.

தொனியை மாற்றினால் எல்லாமே மாறியாக வேண்டும் என்றில்லை. 1989-இல் வந்த ஜிலெட் வரி, ‘தி பெஸ்ட் எ மேன் கேன் கெட்’, ஓர் ஆண் பெறக்கூடியவற்றில் மிகச் சிறந்தது என்கிறது. இதைச் சொல்லுக்குச் சொல் ரஷ்யமாக்கினால் பன்னிரண்டு அசைகள் ஓடும். அலுவலக அறிக்கை போல இருக்கும். வந்த வரியோ ‘லூச்ஷே த்ல்யா முஷ்சீனி ந்யெத்’, ஏழே அசை. ஆணுக்கு இதைவிட மேலானது இல்லை. ‘இல்லை’ என்னும் ‘ந்யெத்’ ஜிலெட்டோடு இயைந்து, ‘கெட்’ செய்த வேலையை அப்படியே செய்கிறது. ‘இதைவிட மேலானது இல்லை’ என்ற வாய்ப்பாடும் ரஷ்யருக்குப் புதிதல்ல. 1923-இல் கவிஞர் மயகோவ்ஸ்கி, ஓவியர் ரோத்சென்கோவோடு சேர்ந்து சோவியத் அரசு நிறுவனங்களுக்கு விளம்பரச் சுவரொட்டிகள் செய்தார். ரெசினோத்ரெஸ்த் என்ற ரப்பர் நிறுவனத்தின் குழந்தைச் சூப்பானுக்கு அவர் எழுதிய ஈரடியும் இதே வாய்ப்பாட்டில், இதே ‘ந்யெத்’தில் இயைபு வைத்துத்தான் நடக்கிறது. அமெரிக்கச் சவரக்கத்தி ரஷ்யரின் காதில் ஏற்கெனவே பழகிய தடத்தில் ஓடியது.

முழக்கத்தில் குரல் ஏறியது. பொருள் விளக்கத்தில் பெரும்பாலும் இறங்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு முகப்பசையின் அட்டையில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘எங்கள் அற்புதமான கிரீமை நீங்கள் நேசிப்பீர்கள். உங்கள் வறண்ட சருமத்துக்கு விடைகொடுங்கள். உங்கள் சருமம் பிரமாதமாக உணரும்.’ இதை அப்படியே ரஷ்யத்தில் வைத்தால், ‘நேசிப்பீர்கள்’ என்பது ஆரூடம் சொல்வது போலாகும். ‘விடைகொடுங்கள்’ என்பது வாசிக்கிறவருக்கு மொழிபெயர்ப்பு வாடையாகவே அடிக்கும். ஒவ்வொரு வரியிலும் ‘உங்கள், உங்கள்’ என்பது தேவையில்லாத சுமை. யாருடைய முகம் என்பது தெரிந்ததுதானே.

நல்ல ரஷ்ய விளக்கத்தில் எழுவாய் நீங்கள் அல்ல, கிரீம். ‘லேசான பதமுள்ள கிரீம். விரைவில் உறிஞ்சிக்கொள்ளும், எண்ணெய்ப் பளபளப்பை விடாது. வறண்ட, எளிதில் எரிச்சலுறும் சருமத்துக்கு ஏற்றது.’ ‘அற்புதம்’ போய்விட்டது. அந்த இடத்தில் சரிபார்க்கக்கூடிய ஒரு தன்மை வந்து உட்கார்ந்துவிட்டது. இங்கே ஒரு வரம்பும் உண்டு. மூலத்தில் இல்லாத தன்மையை மொழிபெயர்ப்பவர் கற்பனையாகச் சேர்க்கக் கூடாது. ‘விரைவில் உறிஞ்சும்’ என்று எழுதும் முன் தயாரிப்பாளரிடம் கேட்டாக வேண்டும். ‘மிகச் சிறந்த’ என்ற சொல்லுக்கு இப்போது சட்டமும் குறுக்கே நிற்கிறது. ரஷ்யாவின் 2006 விளம்பரச் சட்டத்தைப் பற்றி உச்ச வணிக நீதிமன்றம் 2012-இல் தந்த விளக்கப்படி, எந்த அளவுகோலில் சிறந்தது என்று காட்டாமல், ஆதாரமும் இல்லாமல் அப்படி விளம்பரம் செய்யக் கூடாது.

சரி, ரஷ்யம் தெரியாத நிறுவன அதிகாரி இதையெல்லாம் எப்படி ஒப்புக்கொள்வார்? தொழிலில் வழக்கம் இதுதான்: ஒரே வரிக்கு இரண்டு மூன்று வடிவங்கள் தருவார்கள். ஒவ்வொன்றையும் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் திருப்பி எழுதி, ஏன் இப்படி மாற்றினோம் என்ற குறிப்பையும் சேர்ப்பார்கள். பல நல்ல வரிகள் சாவது இந்த இடத்தில்தான். திருப்பி எழுதியதை மட்டும் பார்க்கும் அதிகாரி, மூலத்தை ஒட்டியிருக்கும் மந்தமான வடிவத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். அந்த முறையில் மட்டும் பார்த்திருந்தால் மேபலின் வரி முதல் சுற்றிலேயே குப்பைக்குப் போயிருக்கும்.

உங்கள் மேசைக்கு இப்படி ஒரு வேலை வந்தால் குறிப்பை முதலில் படியுங்கள். யார், யாரிடம், ‘நீ’யா ‘நீங்களா’ என்பதைக் கேளுங்கள். பிறகு அந்த மொழியில் பிறந்து வளர்ந்த ஒருவரை, மூலத்தைக் காட்டாமல், உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். திருப்பி எழுதிய ஆங்கிலத்தைக் கடைசியில் பார்த்தால் போதும்.