உறிஞ்சுவது வாயா, தள்ளுவது காற்றா? ஓர் ஊசித் துளை சொல்லும் தீர்ப்பு!

மதுரை சிம்மக்கல் கடைத்தெருவில் வெயிலுக்கு ஒரு ஜூஸ் வாங்கி, ஸ்ட்ரா போட்டுக் குடிக்கும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: "ஜூஸ் எப்படிப்பா மேலே வருது?" பதில் சட்டென்று வரும்: "நான் உறிஞ்சுறேன்ல... அதான்!"

பெரியவர்களைக் கேட்டாலும் இதே பதில்தான். ஆனால், வாய்க்குத் திரவத்தை இழுக்கும் சக்தி கிடையாது. ஸ்ட்ராவுக்குள் இருக்கும் காற்றைக் கொஞ்சம் குறைப்பதோடு வாயின் வேலை முடிந்துவிடுகிறது. ஜூஸை மேலே தள்ளுவது, டம்ளருக்கு மேலே நிற்கும் வெளிக்காற்று.

இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடுவார்கள். மறுநாள் ஜூஸ் கடையில் மறுபடியும் "உறிஞ்சுறேன்" என்றுதான் சொல்வார்கள். பழைய எண்ணம் மாற வேண்டுமென்றால், அது பிள்ளையின் கண் முன்னாலேயே தோற்க வேண்டும்.

அதற்கென்றே ஒரு பாடமுறை இருக்கிறது. முதலில் கணி, அடுத்து கவனி, பிறகு விளக்கு. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் வைட், ரிச்சர்ட் கன்ஸ்டோன் இருவரும் 1992-ல் எழுதிய புத்தகத்தின் மூலம் இந்த முறை உலகெங்கும் ஆசிரியர்களுக்கு அறிமுகமானது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் பரிசோதனை செய்து கற்பதற்காக, 2022 நவம்பரில் 'வானவில் மன்றம்' தொடங்கப்பட்டது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் கச்சிதமாகப் பொருந்தும்.

தேவையானவை எல்லாம் வீட்டிலேயே கிடைக்கும். காலியான தயிர் கப் நான்கு, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, பலூன், காகித ஸ்ட்ரா, ஒரு கண்ணாடி பாட்டில், கொஞ்சம் சப்பாத்தி மாவு, ஓர் ஊசி. இவற்றில் முக்கியமானது ஊசிதான். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

எழுதிய பிறகே செய்து பார்க்க வேண்டும்

சோதனைக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு வரி எழுத வேண்டும். என்ன நடக்கும் என்பது ஒரு வரி. ஏன் அப்படி நடக்கும் என்பது இன்னொரு வரி.

கை தூக்கச் சொல்லிக் கேட்டால் இந்த முறை பலிக்காது. வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளை எந்தப் பக்கம் கை தூக்குகிறதோ, மற்ற கைகளும் அந்தப் பக்கமே போகும். தாளில் எழுதிவிட்டால் மாற்றிப் பேச முடியாது. "நான் அப்பவே நினைச்சேன் டீச்சர்" என்று தப்பிக்கவும் வழியில்லை. எழுதியது நடக்காதபோது வரும் திகைப்பில்தான் பாடம் தொடங்குகிறது.

முதல் சோதனை: கவிழ்த்த கப்

தயிர் கப்பில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். விளிம்பை நனைத்து, மேலே பத்திரிகை அட்டையை வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு கவிழ்த்துங்கள். இப்போது கையை எடுத்தால் என்ன ஆகும்?

"தண்ணி கொட்டிரும்" என்றுதான் பலரும் எழுதுவார்கள். ஆனால் அட்டை அப்படியே நிற்கும். அடுத்து, ஏன் என்று கேளுங்கள். "ஈரத்துல அட்டை ஒட்டிக்கிருச்சு சார்" என்ற பதில் கட்டாயம் வரும்.

இங்கேதான் ஊசிக்கு வேலை. இன்னொரு கப்பின் அடிப்பாகத்தில் சின்னதாக ஒரு துளை போடுங்கள். துளையை விரலால் மூடிக்கொண்டு அதே சோதனையைச் செய்யுங்கள். அட்டை நிற்கும். இப்போது விரலை எடுக்கப் போகிறோம் என்று சொல்லி, மறுபடியும் எழுதச் சொல்லுங்கள். ஈரம் அதே ஈரம், அட்டை அதே அட்டை. ஒட்டிக்கொண்டதுதான் காரணம் என்றால் அட்டை விழக் கூடாது. ஆனால் விரலை எடுத்த மறுகணமே தண்ணீரும் அட்டையும் கீழே கொட்டிவிடும்.

கணக்கு இதுதான். ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் காற்று தரும் அழுத்தம், ஏறத்தாழ ஒரு கிலோ எடையை வைத்தது போன்றது. கப்பின் வாய் 7 சென்டிமீட்டர் அகலம் என்றால் அதன் பரப்பு சுமார் 38 சதுர சென்டிமீட்டர். கீழேயிருந்து அட்டையைக் காற்று 38 கிலோ அளவுக்குத் தள்ளுகிறது. உள்ளே இருக்கும் தண்ணீரோ 200 கிராம்கூட வராது.

கெட்டிக்காரப் பிள்ளை இங்கே ஒரு கேள்வி கேட்கும்: "கப்புக்குள்ளயும் பாதி காத்துதானே இருக்கு? அது கீழே தள்ளாதா?" நியாயமான கேள்வி. உள்ளே இருப்பதும் அதே காற்றுதான். கையை எடுத்ததும் தண்ணீர் முடியளவு கீழே இறங்குகிறது. அதனால் உள்காற்றுக்கு இடம் கொஞ்சம் கூடுகிறது, அதன் அழுத்தம் கொஞ்சம் குறைகிறது. 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கக் காற்றழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு போதும். கப்பில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தால் இருநூறில் ஒரு பங்கு வித்தியாசமே போதும். தண்ணீருக்கு மேலே 5 சென்டிமீட்டர் காற்று இருந்தால், அது கால் மில்லிமீட்டர் விரிந்தாலே அந்த வித்தியாசம் வந்துவிடும். துளையைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து அந்தச் சின்ன வித்தியாசத்தை அழித்துவிடுகிறது. ஈரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அட்டைக்கும் விளிம்புக்கும் நடுவே காற்று புகாமல் அடைப்பது அதுதான்.

துளையில்லாத கப்பிலும் தண்ணீர் கொட்டினால் விளிம்பைப் பாருங்கள். அது நெளிந்திருந்தாலோ, அட்டை மடங்கியிருந்தாலோ காற்று உள்ளே போய்விடும். குமிழ் மேலே ஏறுவது கண்ணுக்கே தெரியும். கையில் பிடித்தாலே நசுங்கும் மெல்லிய கப்பும் சரிப்படாது.

இரண்டாவது சோதனை: பலூனில் தொங்கும் கப்

பலூனை ஆரஞ்சுப் பழ அளவுக்கு ஊதுங்கள். விளிம்பை நனைத்த இரண்டு தயிர் கப்களை அதன் இரு பக்கமும் வாய் பதியும்படி வைத்து, ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ளட்டும். பலூனைத் தேங்காய் அளவுக்கு ஊதியபின் கப்பிலிருந்து கையை எடுத்தால்?

எழுதி முடித்ததும் கையை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு கப்பும் பலூனோடு காது போல நிற்கும். "ரப்பர் ஒட்டுது", "பலூன் இழுக்குது" என்று விளக்கம் வரும்.

பலூன் சின்னதாக இருந்தபோது அதன் வளைவு அதிகம். கப்புக்குள் அது ஒரு மேடு போலப் புடைத்து இடத்தை அடைத்திருந்தது. ஊத ஊதப் பலூனின் மேல்பரப்பு தட்டையாகிறது. கப்புக்குள் இருந்த மேடு தாழ்கிறது. உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக்கு இடம் கூடி, அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று கப்பைப் பலூனோடு சேர்த்து அழுத்துகிறது.

இதையும் ஊசியிடமே விடுங்கள். ஒரு கப்பின் அடியில் மட்டும் துளை போட்டு மறுபடியும் செய்யச் சொன்னால், துளையில்லாத கப் நிற்கும், துளை போட்டது விழுந்துவிடும். இரண்டையும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரே ரப்பர். ஆகவே பிடித்துவைத்தது ரப்பர் இல்லை என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

ஆரம்பத்திலேயே பலூனைப் பெரிதாக ஊதிவிட்டால் சோதனை பலிக்காது. பரப்பு ஏற்கெனவே தட்டையாகிவிடுவதால், மேலும் ஊதினாலும் பெரிய மாற்றம் இருக்காது. வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிட வேண்டும். சின்னக் குழந்தைகள் வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது சோதனை: குடிக்க முடியாத ஸ்ட்ரா

இரண்டு ஸ்ட்ராவை ஒன்றாக வாயில் வைக்க வேண்டும். ஒன்றின் நுனி தண்ணீருக்குள், மற்றொன்றின் நுனி வெளியே. உறிஞ்சினால் என்ன நடக்கும்? "பாதி தண்ணி வரும்" என்று சிலர் எழுதுவார்கள். தண்ணீரே வராது. வெளியே இருக்கும் ஸ்ட்ரா வழியாகக் காற்று உள்ளே வந்து, வாய் உண்டாக்கிய குறைவை நிரப்பிவிடுகிறது. யாராவது "எனக்கு வருதே!" என்றால் நாக்கைக் கவனியுங்கள். நாக்கு நுனியால் வெளி ஸ்ட்ராவை அடைத்திருப்பார்கள். அதைக் கண்டுபிடிப்பதும் பாடத்தில் சேர்த்திதான்.

கடைசியாக, கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி ஒரு ஸ்ட்ராவைப் போடுங்கள். பாட்டில் வாயைச் சுற்றிக் காற்றுப் புகாதபடி சப்பாத்தி மாவால் அடைத்துவிடுங்கள். ஸ்ட்ராவில் ஓட்டை இல்லை, தண்ணீரும் நிறைய இருக்கிறது. வாய்தான் இழுக்கிறது என்றால், இப்போதும் தண்ணீர் தாராளமாக வர வேண்டும். ஆனால் ஒரு சொட்டு வந்ததும் நின்றுவிடும். கன்னம் வலிக்க உறிஞ்சினாலும் பலனில்லை. தண்ணீரைத் தள்ள வெளிக்காற்றுக்கு வழியில்லையே! மாவில் ஊசியால் ஒரு துளை போட்டு, ஊசியை எடுத்துவிட்டு மெதுவாக உறிஞ்சச் சொல்லுங்கள். தண்ணீர் மறுபடியும் ஏறத் தொடங்கும்.

கப்பிலும் பலூனிலும் எல்லாவற்றையும் விழ வைத்த அதே துளை, இங்கே தண்ணீரை ஏற வைக்கிறது. மூன்றையும் சேர்த்துச் சொல்ல ஒரே விளக்கம்தான் மிஞ்சும். அழுத்தம் அதிகமான இடத்துக் காற்று, குறைவான பக்கம் தள்ளுகிறது.

பிடிவாதமாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் மாவில் எங்கோ இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலும் ஏமாற்றும். உறிஞ்ச உறிஞ்ச அது உள்ளே நசுங்கி இடம் கொடுத்துவிடும். ஒருவர் வாய் வைத்த ஸ்ட்ராவை இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது.

வீட்டு மோட்டார் வரை வரும் பாடம்

பாடம் புரிந்ததா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: "100 அடி நீளத்துக்கு ஸ்ட்ரா செய்தால், மாடியிலிருந்து கீழே இருக்கும் தண்ணீரைக் குடிக்க முடியுமா?"

"பலசாலி உறிஞ்சினா முடியும்" என்று எழுதும் பிள்ளைக்குப் பழைய எண்ணம் இன்னும் போகவில்லை. "காத்து எவ்வளவு தூரம் தள்ளுமோ அவ்வளவுதான் ஏறும்" என்று எழுதினால் பாடம் பதிந்துவிட்டது. காற்றால் தண்ணீரைச் சுமார் 10 மீட்டர், அதாவது 33 அடிவரைதான் தூக்க முடியும். ஸ்ட்ராவுக்குள் துளிக் காற்றுகூட இல்லாவிட்டாலும் அதற்குமேல் ஏறாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கும் மதுரையில் அதிலும் ஒரு பிடி குறையும். கிணற்றுப் பம்புகள் ஏன் ஓர் ஆழத்துக்குமேல் தண்ணீர் எடுப்பதில்லை என்று 17-ம் நூற்றாண்டு இத்தாலியில் எழுந்த கேள்விதான், டாரிசெல்லியைக் காற்றழுத்தமானி பக்கம் கொண்டுபோனது.

வைகைக் கரையில் இருக்கும் சிம்மக்கல் வீட்டுக்காரருக்கும் இதே கணக்குதான். தரைக்கு மேலே வைத்து உறிஞ்சும் மோட்டார் நடைமுறையில் 7, 8 மீட்டர் ஆழம் வரைதான் தண்ணீர் எடுக்கும். நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. குதிரைத்திறனைக் கூட்டி வேறு மோட்டார் வாங்கி மேலேயே வைத்தாலும் பணம்தான் வீண். போர்வெல்லுக்குள் நீர்மூழ்கி மோட்டாரை இறக்குவது, தண்ணீரை மேலேயிருந்து உறிஞ்சாமல் கீழேயிருந்து தள்ளுவதற்காகத்தான்.

மோட்டார் கடைக்குப் போகும் அப்பாவிடம் இதை ஏழாம் வகுப்புப் பிள்ளை எடுத்துச் சொல்லலாம். நம்பாவிட்டால், கையில் இரண்டு ஸ்ட்ராவும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்து, முதலில் எழுதித் தரச் சொல்லட்டும்!