வாக்கெண்ணல் அட்டவணையும் வெற்றி வித்தியாசமும்

பாடசாலையொன்றில் மாணவர் மன்றத் தலைவரைத் தெரிவுசெய்யும் தேர்தல் முடிவுற்றதும் அறிவித்தற் பலகையில் ஓர் அட்டவணை தொங்கவிடப்படும். வேட்பாளரின் பெயர், அவர் பெற்ற வாக்குகள், அவற்றின் நூற்றுவீதம், வெற்றி வித்தியாசம் ஆகியன அதிற் காணப்படும். வென்றவரின் நண்பர் பெயரைப் பார்த்து மகிழ்ந்து செல்வர். தோற்றவரின் நண்பரோ வித்தியாசத்தைப் பார்த்து, எண்ணியது சரிதானா என்று ஐயுறுவர். அவ்வையத்தைத் தீர்க்கும் கடமை அவ்வட்டவணைக்கே உரியது. எவ்வையத்தை அட்டவணை தானே தீர்க்கும், எதனைத் தீர்க்கமாட்டாது என்பதை அறிந்திருத்தல், அதனை ஆக்கும் ஆசிரியர்க்கும் படிக்கும் மாணவர்க்கும் இன்றியமையாதது.

விளக்கத்தின் பொருட்டு ஒரு தேர்தலைக் கற்பனைசெய்து கொள்ளலாம். அ, ஆ, இ என மூவர் போட்டியிடுகின்றனர். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வாக்கு. கூடிய வாக்குப் பெற்றவர் தலைவராவர். அட்டவணை பின்வருமாறு அமைகின்றது.

| விபரம் | தொகை |
|---|---|
| இடாப்பிற் பதியப்பட்ட வாக்காளர் | 640 |
| வழங்கப்பட்ட வாக்குச்சீட்டுக்கள் | 586 |
| பெட்டியிற் காணப்பட்டவை | 585 |
| நிராகரிக்கப்பட்டவை | 17 |
| செல்லுபடியானவை | 568 |

| வேட்பாளர் | வாக்குகள் | நூற்றுவீதம் |
|---|---|---|
| அ | 221 | 38.9 |
| ஆ | 207 | 36.4 |
| இ | 140 | 24.6 |
| வெற்றி வித்தியாசம் (அ – ஆ) | 14 | 2.5 |

பாடசாலைகளிற் பெரும்பாலும் இரண்டாவது அட்டவணை மாத்திரமே வெளியிடப்படுகின்றது. முதலாவது இல்லாவிடத்து இரண்டாவது வெறும் கூற்றேயன்றிக் கணக்காகாது. மூவரின் வாக்குகளையும் கூட்டினால் 568 வருகின்றது. அதனோடு நிராகரிக்கப்பட்ட 17 ஐக் கூட்டப் பெட்டியிலிருந்த 585 வருகின்றது. இவ்வாறு கீழிருந்து மேலே ஏறிச் செல்லும் கூட்டல் ஒவ்வொரு படியிலும் பொருந்துவதே முதற் சோதனை. வழங்கப்பட்டவற்றின் தொகையை அடிக்கட்டைகளிலிருந்தும், பெட்டியிலிருந்தவற்றின் தொகையைச் சீட்டுக்களை வேட்பாளர்வாரியாகப் பிரிக்குமுன் எண்ணியும் பெறல் வேண்டும். பிரித்த பின்னர் கூட்டிப்பெற்ற தொகையையே பெட்டியின் தொகையாக எழுதிவிட்டால், இரண்டும் பொருந்துவதில் வியப்பு யாதுமில்லை, சோதனையும் யாதுமில்லை.

நூற்றுவீதத்தைக் குறிக்கும்போது எதன்மீது கணிக்கப்பட்டது என்பதைச் சொல்லாது விடுதல் பெருங்குறை. அ பெற்ற 221 வாக்குகள் செல்லுபடியான வாக்குகளில் 38.9 நூற்றுவீதம், பெட்டியிலிருந்த சீட்டுக்களில் 37.8, இடாப்பிலுள்ள மாணவர் தொகையில் 34.5. மூன்றும் உண்மையே. வேட்பாளரின் பங்கைக் காட்டுதற்குச் செல்லுபடியான வாக்குகளையே அடியாகக் கொள்ளல் பொதுவழக்கு. மூவரின் நூற்றுவீதங்களையும் கூட்டினால் 99.9 மாத்திரமே வருதலைக் கண்டு எவரும் மருளவேண்டுவதில்லை. ஒரு தசமதானத்துக்கு மட்டந்தட்டியதால் நேர்ந்த விளைவு அது. நூறாகக் காட்டவேண்டுமென்று ஒருவரின் பங்கில் 0.1 ஐச் சேர்த்தெழுதுவது திருத்தமன்று, பிழையே.

இனி, பிழைகள் எவ்வாறு நேர்கின்றன, எவ்வாறு வெளிப்படுகின்றன என்பதை நோக்கலாம். எண்ணுபவர் 207 என்று கூற, எழுதுபவர் 270 என்று எழுதிவிட்டார் எனக் கொள்ளலாம். அப்போது ஆ வென்றவராகத் தோன்றுவார். ஆயின் மூவரின் கூட்டுத்தொகை 631 ஆகிப் பெட்டியிலிருந்த சீட்டுக்களின் தொகையையும் விஞ்சிவிடும். செல்லுபடியான 568 இலிருந்து அது 63 ஆல் வேறுபடுகின்றது. 63 ஒன்பதால் மீதியின்றி வகுபடும். அடுத்தடுத்துள்ள இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் நேரும் வேறுபாடு எப்போதும் ஒன்பதின் மடங்காகவே இருக்கும் என்பது கணக்கர் நெடுங்காலமாக அறிந்த உண்மை. ஆதலின் கணக்கு ஒன்பதின் மடங்கால் தவறினால், எண்ணியதை விட்டு எழுதியதை முதலில் ஆராய்தல் நன்று. ஒன்பதின் மடங்கு வேறு காரணத்தாலும் வரலாமாகையால், இது வழிகாட்டியேயன்றி முடிவான சான்றன்று.

இவ்விதப் பிழையைக் கூட்டற் சோதனை கண்டுபிடித்துவிடும். அது கண்டுபிடிக்கமாட்டாத பிழை ஒன்றுண்டு. அதுவே மிகவும் அஞ்சத்தக்கது. ஆவுக்கு இடப்பட்ட சீட்டுக்கள் சில, பிரிக்கும்போது கைதவறி அவின் கட்டினுட் சேர்ந்துவிடுகின்றன எனக் கொள்ளலாம். அவ்வாறு சேர்ந்தவை பத்தாயின், மெய்யான நிலையில் அவுக்கு 211, ஆவுக்கு 217. வென்றவர் ஆ. ஆயினும் கூட்டுத்தொகை அப்போதும் 568 தான். பெட்டியின் தொகை மாறவில்லை; நிராகரித்தவை மாறவில்லை; நூற்றுவீதங்களும் ஒழுங்காகவே காட்சியளிக்கும். அட்டவணையை எத்தனை முறை கூட்டிப்பார்த்தாலும் தவறு புலப்படாது.

இங்கேதான் வெற்றி வித்தியாசத்தின் இயல்பை விளங்கிக்கொள்ளல் வேண்டும். சீட்டொன்று காணாமற் போனால் வித்தியாசம் ஒன்றாலேயே மாறும். ஒருவர் கட்டிலிருந்து மற்றவர் கட்டுக்கு மாறினாலோ இரண்டால் மாறும். ஒருவர்க்குக் குறைவது மற்றவர்க்குக் கூடுகின்றதன்றோ? ஆகவே 14 என்னும் வித்தியாசத்தை அழிப்பதற்குப் பதினான்கு சீட்டுக்கள் வேண்டுவதில்லை. ஏழு இடம் மாறினால் இருவரும் 214 பெற்றுச் சமனாகித் திருவுளச்சீட்டைத் தேடவேண்டியதாகும். எட்டு மாறினால் முடிவே மாறிவிடும்.

இதற்குப் பரிகாரம் அட்டவணையில் இல்லை, மேசையில் உண்டு. ஒவ்வொரு வேட்பாளரின் சீட்டுக்களையும் இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி, ஒருவர் பிரித்த கட்டை மற்றொருவர் விரித்து, ஒவ்வொரு சீட்டின் அடையாளத்தையும் பார்த்தல் வேண்டும். அவர் அப்போது எண்ணவேண்டுவதில்லை. வேறொருவர்க்கு இட்ட அடையாளம் உட்புகுந்துள்ளதா என்பதை மாத்திரமே நோக்குவார். எண்ணும் வேலையும் அடையாளம் நோக்கும் வேலையும் ஒரே வேளையில் ஒருவரிடம் விடப்படின் இரண்டும் பழுதுபடும். மீளெண்ணல் கோரப்பட்டவிடத்தும், கட்டுக்களின் தொகையை மாத்திரம் மறுபடி கூட்டுதல் மீளெண்ணலாகாது. கட்டுக்களை அவிழ்த்து அடையாளங்களை நோக்குதலே மீளெண்ணலாகும்.

எஞ்சிய ஐயங்களையும் வித்தியாசம் என்னும் அதே அளவுகோலால் அளந்து பார்த்தல் வேண்டும். வழங்கிய சீட்டுக்கள் 586; பெட்டியிலிருந்தவை 585. ஒன்றைக் காணவில்லை. மாணவரொருவர் அதனைப் பெட்டியிலிடாது கொண்டு சென்றிருக்கலாம். அது எவர்க்குரியதாயினும் 14 என்ற வித்தியாசத்தை அழிக்கமாட்டாது. ஆகவே குறித்துவைத்துவிட்டு மேற்செல்லலாம். ஆனால் வழங்கியவற்றிலும் பெட்டியிலிருந்தவை கூடுதலாகக் காணப்படின் நிலைமை வேறு. அடிக்கட்டைகளை எண்ணியதில் தவறில்லையென்று தெளிந்தால், வழங்கப்படாத சீட்டு பெட்டியுட் புகுந்தது எவ்வாறு என்ற வினாவுக்கு விடை காணாது முடிவை அறிவித்தல் தகாது.

நிராகரிக்கப்பட்ட 17 சீட்டுக்கள் வித்தியாசத்திலும் மிகுந்தவை. தோற்றவரின் நண்பர் சுட்டிக்காட்டுவது இதனையே. அவர்களின் கேள்வி நியாயமானது. ஆதலின் நிராகரித்த காரணங்களையும் பிரித்துக் காட்டல் வேண்டும். பதினேழில் ஐந்து வெறுமையானவை, எட்டு ஒருவர்க்கு மேற்பட்டோர்க்கு அடையாளமிடப்பட்டவை, நான்கு அடையாளம் கோட்டைத் தாண்டியமையால் எவர்க்கென்று ஐயத்துக்கிடமானவை எனக் கொள்ளலாம். வெறுமையான சீட்டும் இருவர்க்கு இட்ட சீட்டும் எவர்க்கும் சேரமாட்டா. விவாதத்துக்குரியவை நான்கே. அந்நான்கையும் ஆவுக்கே கொடுத்தாலும் அவர் 211 பெறுவார். அ பத்து வாக்குகளால் முந்தியே நிற்பார். இவ்வொரு வரி விளக்கம் அட்டவணையின் அடியில் இருந்திருப்பின் பெரும் பிணக்கொன்று தோன்றுமுன்னரே தீர்ந்திருக்கும்.

இறுதியாக, பெரும்பான்மை என்னும் சொல்லைப்பற்றி ஒரு வார்த்தை. இலங்கையில் "பதினான்கு வாக்குப் பெரும்பான்மையால் வென்றார்" என்று கூறும் வழக்குண்டு. அங்கே அச்சொல் வித்தியாசத்தையே குறிக்கின்றது. பாதிக்கு மேற்பட்ட தொகை என்பது அச்சொல்லின் மற்றொரு பொருள். மேற்கூறிய தேர்தலில் பாதிக்கு மேலென்பது 285 வாக்குகள். அ அதனைப் பெறவில்லை. செல்லுபடியாக வாக்களித்தோரில் 61 நூற்றுவீதத்தினர் பிறரையே விரும்பினர். மன்றத்தின் யாப்பு "கூடிய வாக்கு" என்கின்றதா, "பெரும்பான்மை வாக்கு" என்கின்றதா என்பதைத் தேர்தலுக்கு முன்னரே தெளிந்துகொள்ளாவிடின், வழுவற்ற அட்டவணையும் பிணக்கை விளைவிக்கும்.

நாட்டின் பெருந்தேர்தலிலும் இவ்வினா எழுந்தது. 2024 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க 5,634,915 வாக்குகளையும் சஜித் பிரேமதாச 4,363,035 வாக்குகளையும் பெற்றனர். முதல்வர் பெற்றது செல்லுபடியான வாக்குகளில் 42.31 நூற்றுவீதமே. பாதிக்கு மேல் எவரும் பெறாமையால், விலக்கப்பட்ட ஏனைய வேட்பாளர்களின் சீட்டுக்களில் இவ்விருவர்க்கும் இடப்பட்ட விருப்பத்தெரிவுகள் இலங்கையின் வரலாற்றில் முதன்முறையாக எண்ணப்பட்டன. முடிவில் ஒருவர்க்கு 5,740,179, மற்றவர்க்கு 4,530,902. இவ்விருவரின் கூட்டுத்தொகைமீது கணித்தால் வென்றவரின் பங்கு 55.89 நூற்றுவீதம், தொடக்கத்திற் செல்லுபடியான 13,319,616 வாக்குகள்மீது கணித்தால் ஏறக்குறைய 43.1 நூற்றுவீதம். வாக்கு ஒன்றே, அடி வேறாயிற்று.

கோடிக்கணக்கில் எண்ணிய அட்டவணைக்கும் 568 வாக்குகளை எண்ணிய அட்டவணைக்கும் இவ்விதி பொதுவே. அடி இன்னதென்று எழுதப்படாத நூற்றுவீதத்தையும், கட்டுக்களை மறுபடி நோக்காது பெற்ற வித்தியாசத்தையும் அறிவித்தற் பலகையில் இடாதிருத்தலே, வென்ற மாணவர்க்கும் தோற்ற மாணவர்க்கும் ஒருங்கே செய்யும் நீதியாகும்.