சங்கிலி ஒன்று, மஞ்சள் நிறம்

அவசர அறுவைக்கு வந்த பெண்ணின் சங்கிலியைக் கழற்றிய செவிலியர், பதிவேட்டில் ‘தங்கச் சங்கிலி’ என்று எழுதுவதில்லை. ‘மஞ்சள் நிற உலோகச் சங்கிலி 1, குண்டு 2’ என்றுதான் எழுதுவார். கவரிங்கா, 22 காரட்டா என்று உரசிப் பார்க்க வார்டில் யார் இருக்கிறார்கள்? தங்கம் என்று எழுதிவிட்டு, பின்னால் ‘கொடுத்தது கவரிங்’ என்று புகார் வந்தால் மருத்துவமனைதான் பதில் சொல்ல வேண்டும்.

கூட வந்தவர் எண்ணிப் பார்த்து, பெயர், உறவு, நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஊழியர் ஒருவர் சாட்சி. அசல் ஆதார் அட்டையை வாங்கி வைத்தால் அதுவும் பட்டியலில் ஏறும். சிக்கல் வருவது ஆள் மாறும்போது: காலையில் மைத்துனர் வாங்கிப்போன நகையை மாலையில் கணவர் வந்து கேட்பார். மைத்துனரின் கையெழுத்தைக் காட்டினால் பேச்சு முடிந்தது.

அடிதடி வழக்கென்றால் ரத்தம் தோய்ந்த சட்டை உறவினர் கைக்குப் போகாது. அது தடயம். ஈரம் உலர்த்தி, காகித உறையில் முத்திரையிட்டு, ஒப்புகை வாங்கிக்கொண்டு போலீஸிடம் ஒப்படைப்பார்கள்.