தொப்புள்கொடி ரத்தத்தில் ஸ்டெம் செல் எப்படி வந்தது?

ஆவடி, முத்தாபுதுப்பேட்டை போன்ற சென்னைப் புறநகர்களில் பிரசவத்துக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்குத் தொப்புள்கொடி ரத்த வங்கிகளின் விளம்பரம் புதிதல்ல. அந்த ரத்தத்தில் ஸ்டெம் செல் இருப்பது உண்மைதான். ஆனால் பெரியவர்களின் ரத்தத்தில் அதே செல் தேடினாலும் எளிதில் அகப்படாது. எலும்பு மஜ்ஜைக்குள்தான் கிடக்கும். பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் மட்டும் ஏன் அது ஓடிக்கொண்டிருக்கிறது? ரத்தம் உற்பத்தியாகும் இடம் கருவறைக்குள் இருமுறை மாறுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

முதல் ரத்த அணுக்கள் கருவின் உடலுக்குள் உருவாவதில்லை. கரு உண்டான மூன்றாவது வாரத்தில், அதை ஒட்டித் தொங்கும் மஞ்சட்கருப் பையின் சுவரில் சிறுசிறு திட்டுகளாக அவை தோன்றுகின்றன. நம்முடைய சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. இந்த அணுக்கள் உட்கருவோடு, உருவத்தில் பெரியவையாக இருக்கும். நான்காவது வாரத் தொடக்கத்தில் இதயம் துடிக்கத் தொடங்கியதும் கருவுக்கு ஆக்சிஜன் சுமப்பவை இவைதான். ஆனால் இவை அந்த அவசரத்துக்கு வந்தவை. ஆயுள் முழுக்க ரத்தம் தரும் ஸ்டெம் செல்கள் ஏறத்தாழ நான்காவது வாரக் கடைசியிலிருந்து, கருவின் பெருந்தமனி உட்சுவரிலிருந்து பிரிந்து வருகின்றன. எண்ணிக்கையில் மிகச் சொற்பம்.

அந்தச் சொற்பம் பெருகும் இடம் கல்லீரல். இரண்டாம் மாதத்திலிருந்து ஏறத்தாழ ஏழாம் மாதம் வரை கருவின் முக்கிய ரத்த உற்பத்திக்கூடம் அதுதான். மண்ணீரல் கொஞ்சம் கைகொடுக்கும். நேரே மஜ்ஜைக்குப் போயிருக்கலாமே என்றால், அப்போது மஜ்ஜையே இல்லை. எலும்பாகப் போவது இன்னும் குருத்தெலும்பு. உள்ளே குழிவு கிடையாது. பத்துப் பதினொரு வாரத்தில் எலும்பு கெட்டிப்பட்டு, ரத்தக் குழாய்கள் உள்ளே புகுந்து இடம் உண்டான பிறகே அங்கே வேலை ஆரம்பிக்கிறது. கடைசி மூன்று மாதங்களில் மஜ்ஜை பொறுப்பை ஏற்கிறது.

கல்லீரலிலிருந்து எலும்புக்குப் போக ஸ்டெம் செல்லுக்கு ரத்த ஓட்டத்தை விட்டால் வேறு வழியில்லை. மஜ்ஜையில் உள்ள செல்கள் சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதம் அதை ஈர்த்து உள்ளே நிறுத்திவைக்கிறது. இந்தப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய எலிகளை 1996-இல் ஆராய்ந்தபோது, கருவின் கல்லீரலில் வெள்ளணு முன்னோடிகள் ஓரளவு உருவாகியிருந்தன. மஜ்ஜையிலோ அவை ஏறக்குறைய இல்லை. பிரசவ நேரத்திலும் இந்த இடமாற்றம் முழுதாக முடிந்திருக்காது. தொப்புள்கொடியில் நாம் பிடிப்பது வழியில் இருக்கும் செல்களைத்தான்.

சிகிச்சையிலும் ஸ்டெம் செல்கள் இதே வழியில்தான் போகின்றன. 1986-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தலசீமியா குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்தது. இந்த சிகிச்சையில் தானமாகப் பெற்ற மஜ்ஜையை எலும்புக்குள் ஊசி போட்டு நிரப்புவதில்லை. ரத்தம் ஏற்றுவதுபோல ரத்தக் குழாய் வழியாகத்தான் ஏற்றுவார்கள். கருவில் போன வழியிலேயே போய் செல்கள் மஜ்ஜையில் குடியேறும்.

பழைய உற்பத்திக்கூடமும் அடியோடு மறந்துபோவதில்லை. பீட்டா தலசீமியா உள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். இந்த நோயில் பழுதாகியிருக்கும் மரபணு கருக்காலத்து ஹீமோகுளோபினுக்குத் தேவையில்லை. அந்த ஹீமோகுளோபின் வடிந்து, சுமார் ஆறு மாதத்துக்குப் பிறகு சோகை தலைகாட்டும். போதிய ரத்தம் ஏற்றாவிட்டால் மஜ்ஜை விரிந்து நெற்றியும் கன்ன எலும்பும் புடைக்கும். கல்லீரலும் மண்ணீரலும் மீண்டும் ரத்தம் உற்பத்தி செய்யத் தொடங்குவதும் வயிறு வீங்க ஒரு காரணம்.

இதே குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்திருந்தால் பயன்பட்டிருக்குமா? படாது. அந்த ஸ்டெம் செல்லிலும் அதே பழுது இருக்கும். 1988-இல் பாரிஸில் நடந்த முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று சிகிச்சையில்கூட, நோயுற்ற சிறுவனுக்குக் கொடுத்தது அவனுடைய தங்கையின் ரத்தத்தை. ஒரு கொடியில் பொதுவாக 100 மில்லிலிட்டர் அளவுக்கே கிடைப்பதால், வளர்ந்தவருக்குச் செல்கள் போதாமல் போவதும் உண்டு.

தனக்கே பின்னால் உதவும் என்று சேமித்துவைக்க அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சொல்லியிருக்கிறது. வீட்டில் மூத்த குழந்தைக்குத் தலசீமியா போன்ற நோய் இருந்து, அடுத்த பிரசவம் நெருங்குகிறது என்றால் கதை வேறு. உடன்பிறந்தவர்களின் திசு வகை முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்தக் குடும்பம் பிரசவத்துக்கு முன்பே ரத்தநோய் மருத்துவரைப் பார்த்து, கொடி ரத்தத்தைச் சேமிக்க ஏற்பாடு செய்வதில் அர்த்தம் இருக்கிறது.